பெயர் மறப்பது வயதா, நோயா?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயசு. ஆள் பேரு சட்டுனு வர மாட்டேங்குது, கடையில கணக்குப் பார்க்கவும் ரொம்ப நேரம் எடுத்துக்கிறார். ஆனா தோட்டத்துல வேலை செஞ்ச காலத்துக் கதையெல்லாம் தெளிவா சொல்றார். இது வயசா, மறதி நோயோட ஆரம்பமா?

பதில்:

முதல் இரண்டும் பெரும்பாலும் வயதுதான். ஆனால் பழைய கதை தெளிவாக வருகிறதே என்று மட்டும் நிம்மதியாகிவிடாதீர்கள். நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கிளினிக்கில் இருக்கிறேன். வருகிற பெரியவர்களில் பலர் ரப்பர் தோட்டத்தில் மரம் சீவியவர்கள். அவர்கள் பிள்ளைகள் என்னிடம் கேட்பதும் இதையேதான்.

கடைக் கணக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். மூளை ஒரு வேலையைச் செய்து முடிக்கும் வேகம் இருபதுகளின் கடைசி, முப்பதுகளிலேயே மெல்லக் குறையத் தொடங்கிவிடுகிறது. டிமோத்தி சால்ட்ஹவுஸ் என்ற உளவியலாளர் 1996இல் இதை நன்றாக விளக்கினார். அரிசி 28 வெள்ளி 50 காசு, எண்ணெய் 6 வெள்ளி 90 காசு, சீனி 2 வெள்ளி 85 காசு. அப்பா முதல் இரண்டையும் கூட்டி 35.40 என்று வருவதற்குள் கடைக்காரப் பையன் "பை வேணுமா அங்கிள்?" என்கிறான். பதில் சொல்லிவிட்டுச் சீனிக்கு வரும்போது 35.40 மனதிலிருந்து நழுவியிருக்கும். கணக்கு மறந்துபோகவில்லை. ஒரு படியை முடிக்க நேரமானதால், அதற்கு முந்தைய படியின் விடை தங்கவில்லை. வீட்டில் ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். மெதுவாகவாவது 38.25 வந்துவிட்டால் அது வேகக் குறைவு. எவ்வளவு நேரம் கொடுத்தாலும் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை, முன்பு தானே பார்த்த கணக்கு அது என்றால், டாக்டரிடம் காட்டிவிட வேண்டியதுதான்.

அடுத்து நினைவு. நாங்கள் ஐந்து சொற்கள் கொடுப்போம். மங்கு, பப்பாளி, சைக்கிள், ஆடு, மோதிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிச் சொல்லவைத்து, வேறு ஏதாவது பேசிவிட்டுச் சில நிமிடம் கழித்துக் கேட்போம். எத்தனை வந்தது என்பதைவிட, வராததற்குத் துப்புக் கொடுத்தால் என்ன நடக்கிறது என்பதைத்தான் நான் கவனிப்பேன்.

அடையாளம் மாற்றி இரண்டு பேரைச் சொல்கிறேன். ஓர் அம்மாவுக்கு இரண்டு சொல்தான் வந்தது. "ஒரு பழம் சொன்னேனே?" என்றதும் "அட, பப்பாளி!" என்றார். மற்றவையும் அப்படியே வந்தன. சொல் உள்ளே பதிந்திருக்கிறது, தேடி எடுக்கத்தான் நேரமாகிறது. ஆள் பெயர் நாக்கு நுனியில் நின்று, சாயங்காலம் தானாக வருவதும் இதே வகை.

இன்னொருவர் முன்னாள் கங்காணி. உளிக்கத்தியை இன்றும் தீட்டுவார், தோட்டத்தில் எந்தப் பகுதியில் எத்தனை மரம் என்று சொல்வார். ஐந்தில் ஒன்றும் வரவில்லை. பழம் என்றதற்கு "வாழைப்பழமா?" என்றார். பப்பாளி, கொய்யா, மாங்காய் என்று வரிசையாகச் சொல்லித் தேர்ந்தெடுக்கச் சொன்னபோதும் தடுமாறினார். கொஞ்ச நேரத்தில் "எந்தச் சொல்லு? எப்ப சொன்னீங்க?" என்றார். மூளையில் அல்சைமர் முதலில் தாக்கும் இடங்களில் ஒன்று, புதியதைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ். பதியாத ஒன்றை எந்தத் துப்பாலும் இழுக்க முடியாது. கைத்தொழிலும் இளவயது நினைவுகளும் வேறு வழியில் நிற்பவை, நோய் வந்த பிறகும் வெகுகாலம் தாங்கும். அதனால்தான் வீட்டில், "கத்தி தீட்டுறாரே, அவருக்கென்ன!" என்று தாமதமாக அழைத்துவந்தார்கள்.

நோயில்லாத முதுமையில் எது நன்றாக நிற்கும்? சொல்வளம், உலக அறிவு, பழகிய வேலை. வார்னர் ஷாயி 1956இல் சியாட்டிலில் தொடங்கிய நெடுங்கால ஆய்வில், வேகம் முதலில் சரிந்தது, சொல்திறன் அறுபதுகள் வரைகூட நிலைத்தது. அப்பா பேச்சில் பொருத்தமான பழமொழி போடுகிறாரா, புதுச் சேதியைப் பற்றி வாதாடுகிறாரா என்று பாருங்கள். ஆனால் நான் அதைவிட நம்புவது நேற்றைய நாளை. நேற்று யார் வீட்டுக்கு வந்தார்கள், என்ன சாப்பிட்டோம் என்று கேட்டு, துப்பும் கொடுத்துப் பாருங்கள்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. பக்கவாதத்தால் வரும் மறதியிலும் பார்க்கின்சனிலும் துப்புக் கொடுத்தால் சொல் வரக்கூடும். நடை தளர்ந்து, வேகம் சில மாதங்களில் சட்டென்று இறங்கினால் அதையும் சொல்லுங்கள். காது கேட்காதவர் சொல்லையே கேட்டிருக்க மாட்டார். மூன்றாம் வகுப்போடு நின்றவருக்கு எழுத்துத் தேர்வின் மதிப்பெண் குறையும், அது நோயல்ல. சர்க்கரைக்கு நெடுநாள் மெட்ஃபார்மின் சாப்பிடுபவருக்கு பி12 வைட்டமின் குறைந்து மறதி வரலாம், தூக்கம் தரும் சளி மாத்திரையும் புத்தியை மந்தமாக்கும். அதனால் அப்பாவை அழைத்துப் போகும்போது மருந்துப் பை முழுவதையும் எடுத்துப் போங்கள், கடையில் வாங்கியதையும் சேர்த்து.