நான் பிடிக்கிறேன், எனக்குப் பிடிக்கும்

கேள்வி: லண்டனில் பிறந்த பேத்தி லீவுக்குக் களுவாஞ்சிகுடிக்கு வந்திருக்கிறாள். மீன்கறி விருப்பம் என்று சொல்ல, "நான் மீன் பிடிக்கிறேன்" என்கிறாள். "நான் பசிக்கிறேன்" என்றும் சொல்கிறாள். வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள். எப்படித் திருத்துவது?

பதில்: சிரிப்பதை முதலில் நிறுத்துங்கள் அம்மா, பிள்ளை வாயைத் திறக்காமல் விட்டுவிடும். வாவிக்கரை ஊரில் அப்படிச் சொன்னால் வலை எங்கே என்றுதான் கேட்பார்கள். ஆனால் அவள் ஆங்கில வழக்கத்தில் சரியாகவே நடக்கிறாள். அங்கே மீனைப் பிடித்தாலும் மீன் பிடித்துப்போனாலும் முன்னால் நிற்பது "ஐ" தான். தமிழில் நாமாகச் செய்வதற்கு "நான்". பசி, வலி, விருப்பம், தெரிவது போலத் தானாக வருவதற்கு "எனக்கு".

அவளுக்கு இலக்கணம் சொல்ல வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் ஆளை மட்டும் மாற்றிச் சொல்ல வையுங்கள்: எனக்குப் பசிக்குது, உனக்குப் பசிக்குது, மாமாவுக்குப் பசிக்குது, பிள்ளைகளுக்குப் பசிக்குது. ஆள் மாற மாற வினை அசையாமல் நிற்பது காதில் ஏறவேண்டும். பிறகு இறாலும் கொடுவாவும் வைத்துப் "பிடிக்கும், பிடிக்காது". விரும்பப்படுவது ஆளென்றால் அந்தப் பெயரின் முடிவில் தமிழ் உருபு "ஐ" சேரவேண்டும்: எனக்கு அம்மம்மாவைப் பிடிக்கும். மீனுக்கு அது இல்லாமலும் போகும். சந்தேகம் வந்தால் ஏவிப் பாருங்கள். "மீனைப் பிடி" என்று ஒருவரை ஏவலாம், அது வலை வீசும் வேலை. "பசி" என்று யாரையும் ஏவ முடியாது.

இதற்கென்று காசு கட்டிவிடாதீர்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் என்று பவுணில் வாங்கும் ஒன்லைன் வகுப்புகள் சிலதைப் பார்த்திருக்கிறேன். "ஐ" என்றால் நான், "லைக்" என்றால் பிடி என்று இரண்டு பக்க அட்டவணை கொடுப்பார்கள். உங்கள் பேத்தியின் பிழை அந்த அட்டவணையிலிருந்து அப்படியே பிறக்கும். சொல்லுக்குச் சொல் பட்டியல் தருபவர் யாராயிருந்தாலும் வேண்டாம் என்று விடுங்கள். நம் பாடசாலைகளும் பெரிய திறமில்லை. நான்காம் வேற்றுமை என்றால் கொடை, பகை, நேர்ச்சி என்று மனப்பாடம் செய்விப்பார்கள். பிள்ளை நாள் முழுக்கச் சொல்லும் "எனக்குப் பசிக்குது" அந்த ஒப்புவிப்பில் தலைகாட்டாது.

ஒரு இடத்தில் மட்டும் அவள் தடுமாறுவாள். உறவைச் சொல்லும்போது "எனக்கு" இருந்தும் வினை மாறும். "எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்", "எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள்", "எனக்கு இரண்டு தம்பிமார் இருக்கிறார்கள்". இங்கே வினை பார்ப்பது தம்பியையும் அக்காவையும். "எனக்கு" என்பதை அல்ல. ஆகவே "எனக்கு இரண்டு தம்பி இருக்கிறேன்" என்றால் உடனே திருத்துங்கள். "எனக்குத் தம்பியைப் பிடிக்கும்" என்பதில் தம்பிக்கு "ஐ" ஒட்டியிருப்பதால் வினை அவனைப் பார்க்காது. "பிடிப்பான்" என்று மாற்றினால் அவன் எதையோ பிடிக்கப் போகிறான் என்றாகிவிடும். இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரே நாளில் சொல்லிக்கொடுக்காதீர்கள், குழப்பிக்கொள்வாள். பசியும் பிடிப்பும் வாயில் படிந்த பிறகு தம்பிமாரைக் கொண்டுவாருங்கள்.