பங்கு விண்ணப்பப் பணம் வந்த அன்றே பங்குமுதல் ஆகிவிடுமா?

கேள்வி: எங்கள் பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் பங்குதாரர்கள் நாங்கள் மூவரே. எங்களுக்கே 20,000 புதிய பங்குகள் வெளியிட்டோம். முகமதிப்பு 10 ரூபாய், விலை 50 ரூபாய். விண்ணப்பத்துடன் 5, ஒதுக்கீட்டில் 42.50, அழைப்பில் 2.50. மார்ச் 12 அன்று விண்ணப்பப் பணம் வந்ததும் அக்கவுண்டன்ட் அதைப் பங்குமுதலில் வரவு வைத்துவிட்டார். ஏப்ரல் 8 அன்றுதான் ஒதுக்கீட்டுத் தீர்மானம் போட்டோம். பிரீமியத்தை இதர வருமானத்தில் காட்டியிருக்கிறார். 4,000 பங்கு வைத்திருப்பவர் அழைப்புத் தொகை கட்டவில்லை, அவரைக் கடனாளி என்று எழுதியிருக்கிறார். ஆடிட் இன்னும் முடியவில்லை. இதையெல்லாம் மாற்ற வேண்டுமா?

பதில்: மூன்றையும் மாற்ற வேண்டும். ஆடிட்டர் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டது நல்லதாயிற்று.

விண்ணப்பம் என்பது பங்கு வாங்குகிறேன் என்று உறுப்பினர் சொல்வது மட்டும்தான். கம்பெனி அதை ஏற்றுக்கொள்வது இயக்குநர் குழுவின் ஒதுக்கீட்டுத் தீர்மானத்தில். அதுவரை அந்த ஒரு லட்சம் ரூபாய், பங்கு கொடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ கம்பெனி கடமைப்பட்டிருக்கும் தொகை. எனவே மார்ச் 12 பதிவு இப்படி இருக்க வேண்டும்:

வங்கி க/கு பற்று 1,00,000. பங்கு விண்ணப்ப க/கு வரவு 1,00,000.

உங்கள் விஷயத்தில் நடுவில் மார்ச் 31 வந்துவிட்டது. அதுதான் சிக்கல். இப்போதுள்ள பதிவுப்படி இருப்புநிலைக் குறிப்பு தயாரானால், அன்றைய தேதியில் இல்லாத மூலதனம் இருப்பதாகக் காட்டும். வங்கியும் பதிவாளரும் அதை நம்புவார்கள். கம்பெனிகள் சட்டம் 2013-ன் மூன்றாம் அட்டவணை இதற்கென்றே 'ஒதுக்கீடு நிலுவையிலுள்ள விண்ணப்பப் பணம்' என்று தனி வரி வைத்திருக்கிறது. பங்குதாரர் நிதிக்குக் கீழே அங்கே காட்டுங்கள்.

பணம் வந்த 60 நாளுக்குள் ஒதுக்கீடு நடக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். அதுவும் நடக்காவிட்டால் வைப்புத்தொகை விதிகளின்படி அது டெபாசிட் ஆகிவிடும். உங்களுக்கு 60 நாள் மே 11-ல் முடிகிறது. ஏப்ரல் 8-ல் ஒதுக்கிவிட்டதால் கவலை இல்லை. ஆனால் ஒதுக்கீட்டிலிருந்து 30 நாளுக்குள், அதாவது மே 8-க்குள், ஒதுக்கீட்டைத் தெரிவிக்கும் PAS-3 படிவம் கம்பெனிப் பதிவாளருக்குப் போயிருக்க வேண்டும். போனதா என்று பாருங்கள்.

ஏப்ரல் 8 அன்று இரண்டு பதிவுகள். முதலில், பங்கு விண்ணப்ப க/கு பற்று 1,00,000. பங்குமுதல் க/கு வரவு 1,00,000. அப்புறம்:

பங்கு ஒதுக்கீட்டு க/கு பற்று 8,50,000. பங்குமுதல் க/கு வரவு 50,000. பத்திர முனைம க/கு வரவு 8,00,000.

அந்த எட்டு லட்சம்தான் பிரீமியம். பாடப்புத்தகத்தில் பத்திர முனைமம் என்பார்கள். இதைப் பங்குதாரர் போட்ட முதலாகத்தான் சட்டம் பார்க்கிறது, வியாபார லாபமாக அல்ல. பிரிவு 52 அதற்குத் தனிக் கணக்கு வைக்கச் சொல்கிறது. போனஸ் பங்கு, வெளியீட்டுச் செலவு, பங்குகளைத் திரும்ப வாங்குதல் போன்ற சில காரியங்களுக்குத்தான் அதைத் தொடலாம். டிவிடெண்டாகக் கொடுக்க முடியாது. வருமானத்தில் எழுதினால் இல்லாத லாபம் பெருகும், அதை நம்பி டிவிடெண்ட் அறிவித்தால் தவறு இன்னும் பெரிதாகும். இதர வருமான க/கு பற்று, பத்திர முனைம க/கு வரவு என்று 8,00,000-ஐத் திருப்பி எழுதச் சொல்லுங்கள்.

அழைப்பு விடுத்த அன்று பங்கு அழைப்பு க/கு பற்று 50,000, பங்குமுதல் க/கு வரவு 50,000. வந்தது 40,000 என்பதால், வங்கி பற்று 40,000, அழைப்பு நிலுவை பற்று 10,000, பங்கு அழைப்பு வரவு 50,000. இந்தப் பத்தாயிரத்தைச் சாதாரணக் கடனாளிகளோடு சேர்க்கக் கூடாது. இருப்புநிலைக் குறிப்பில் அழைக்கப்பட்ட பங்குமுதலிலிருந்து கழித்துக் காட்ட வேண்டும். அவர் இயக்குநராகவும் இருந்தால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

அவர் கட்ட மறுத்தால் உங்கள் சங்க விதிகளை எடுத்துப் பாருங்கள். கம்பெனிகள் சட்டம் தரும் மாதிரி விதிகளான அட்டவணை F-ஐ அப்படியே ஏற்றிருந்தால், ஆண்டுக்கு 10 சதவீதம் வரை வட்டி கேட்கலாம். குறைந்தது 14 நாள் நோட்டீஸ் கொடுத்து, அதன் பிறகும் கட்டாவிட்டால் குழுத் தீர்மானத்தின் மூலம் பங்குகளைப் பறிமுதல் செய்யலாம். அழைப்புக்கே முறையான 14 நாள் நோட்டீஸ் போகவில்லை என்றால் பறிமுதல் நிற்காது. அதை முதலில் சரிபாருங்கள்.

பறிமுதல் வரை போனால் பங்குமுதல் பற்று 40,000, அழைப்பு நிலுவை வரவு 10,000, பறிமுதல் பங்குகள் க/கு வரவு 30,000. அவர் ஒதுக்கீட்டுத் தொகையோடு ஏற்கெனவே கட்டிய முனைமம் 1,60,000-ஐ இந்தப் பதிவில் தொடக் கூடாது. வசூலாகிவிட்ட முனைமம் அந்தக் கணக்கிலேயே இருக்கும்.