நேர்முகத் தேர்வு உறுதிக் கடிதம்: கேள்வி பதில்

கோவைப் பக்கத் தொழிற்சாலைகளில் 22 வருடம் பணியாளர் பிரிவில் இருந்தவள் நான். போனில் பேசி முடிவான நேர்முகத் தேர்வை எழுத்தில் உறுதிசெய்து அனுப்பும் கடிதத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள். சம்பளம் பேசுவது பற்றிக் கேட்டால் பதில் வராது.

போன்லயே தேதி, நேரம் எல்லாம் சொல்லிட்டோம். அப்புறம் எதுக்கு மேடம் கடிதம்? (சிறு நிறுவன உரிமையாளர், ஈரோடு)

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் இடத்துக்கு நகருக்குள் ஓர் அலுவலகமும் சூலூர் தாண்டி ஒரு தொழிற்சாலையும் உண்டு. தேர்வு தொழிற்சாலையில். கடிதத்தை நான்தான் எழுதினேன். “எங்கள் நிறுவனத்துக்கு வரவும்” என்று போட்டேன், லெட்டர்ஹெட்டில் நகர அலுவலக முகவரி அச்சாகியிருந்தது. கரூரிலிருந்து ஒரு பையன் விடியற்காலை பஸ் ஏறினான். கரூர் பஸ் காங்கேயம், பல்லடம், சூலூர் வழியாகத்தான் கோவைக்கு வரும். எங்கள் கேட்டுக்கு முன்னாலேயே பஸ்ஸில் கடந்து போய், நகரத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து அலுவலகம் போய், அங்கிருந்து திரும்பி வந்து சேர்ந்தபோது எழுத்துத் தேர்வு முடிந்துவிட்டது. பேனலில் இருந்தவர் “நேரத்துக்கு வரத் தெரியாதவன்” என்று குறிப்பு எழுதினார். தப்பு என்னுடையது, பெயர் கெட்டது அவனுக்கு.

போனில் நீங்கள் சொன்னதைத் தேர்வுக்கு வருகிறவர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு கேட்டிருப்பார். கடிதத்தை இரண்டு இடத்தில் படிப்பார்கள்: ஒன்று அவர், வழியில்; இன்னொன்று உங்கள் கேட்டில் செக்யூரிட்டி. அந்த இரண்டு பேருக்கும் புரிந்தால் போதும்.

மாதிரி ஒன்று போடுங்கள் அக்கா. (பணியாளர் பிரிவு உதவியாளர், ஓசூர்)

தரப் பரிசோதகர் வேலைக்கு ஒன்று எழுதிப் பார்ப்போம். வணக்கம், வாழ்த்து எல்லாம் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

> 4ஆம் தேதி தொலைபேசியில் பேசியபடி, தரப் பரிசோதகர் பணிக்கான தேர்வு 12.03.2026 வியாழக்கிழமை நடைபெறும். காலை 9.30க்குள் தொழிற்சாலையின் இரண்டாம் கேட்டுக்கு வரவும். (மேலே அச்சாகியுள்ள நகர அலுவலகத்துக்கு வர வேண்டாம். கரூர், பல்லடம் வழியாக வருவோர் கோவை வரை போகாமல் சூலூரில் இறங்கலாம்.)
>
> 10.00: எழுத்துத் தேர்வு, 40 நிமிடம்.
> 11.00: வெர்னியர், மைக்ரோமீட்டர் கொண்டு அளவெடுக்கும் செய்முறைத் தேர்வு. படிக்கும் கண்ணாடி அணிபவர் கொண்டுவரவும். செருப்புடன் உள்ளே அனுமதி இல்லை. ஷூ அணிந்து வரவும்.
> மதிய உணவு எங்கள் கேன்டீனில்.
> 1.30 முதல்: தரப் பிரிவு மேலாளரும் பணியாளர் பிரிவு அலுவலரும் நேரில் பேசுவார்கள். 3.30க்குள் முடியும்.
>
> கொண்டுவர வேண்டியவை: இந்தக் கடிதம் (போனில் காட்டினாலும் போதும்), போட்டோவுடன் ஓர் அடையாள அட்டை, டிப்ளமோ சான்றிதழ் அல்லது கடைசி செமஸ்டர் மார்க் ஷீட்டின் அசலும் ஒரு ஜெராக்ஸும். அசலை அங்கேயே பார்த்துத் திருப்பித் தருவோம்.
>
> தேர்வு அறை முதல் மாடியில், லிஃப்ட் இல்லை. படியேறுவதிலோ எழுதுவதிலோ உதவி வேண்டுமென்றால் 9ஆம் தேதிக்குள் சொல்லவும். கீழேயே ஏற்பாடு செய்கிறோம்.
>
> வருகிறீர்களா என்பதையும் 9ஆம் தேதிக்குள் தெரிவிக்கவும். தொடர்புக்கு: (பெயர், பொறுப்பு, செல் எண்). தேர்வு நாளன்று காலை 7.30 முதல் இந்த எண்ணில் பேசலாம்.

கண்ணாடி எதற்கு என்று சிரிக்காதீர்கள். மைக்ரோமீட்டரில் நூறில் ஒரு மில்லிமீட்டர் கோட்டைப் படிக்க வேண்டும். நாற்பத்தைந்து வயது அனுபவசாலி ஒருவர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்து, சின்னப் பையன்கள் முன்னால் தடுமாறியதைப் பார்த்திருக்கிறேன். செய்முறைத் தேர்வு உண்டு என்று எங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

தேதி போட்டாச்சே, கிழமை எதுக்கு? (சேலம்)

12.03 என்பதை மார்ச் 12 என்று நாம் படிப்போம். அமெரிக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த மெயிலாக இருந்தால் அதுவே டிசம்பர் 3. கிழமையும் இருந்தால், தேதியைத் தப்பாக அடித்திருந்தாலும் இரண்டும் பொருந்தாமல் கண்ணில் படும், உடனே போன் வரும். எங்களுக்கு அப்படி இரண்டு முறை வந்து பிழைத்தோம்.

நேரத்தில் “12 மணி” மட்டும் வேண்டவே வேண்டாம். 11.45 போடுங்கள், 12.15 போடுங்கள்.

தொடர்பு எண்ணுக்கு ஆபீஸ் போர்டு நம்பர் போட்டா போதாதா? (ஈரோடு, மறுபடியும்)

போதாது. காலை எட்டே காலுக்கு பஸ் பிரேக்டவுன் ஆகும்போது உங்கள் போர்டு நம்பரை யார் எடுப்பார்? எடுத்தாலும் “ஹெச்.ஆர். ஒன்பதரைக்குத்தான் வருவாங்க” என்பார்கள். அன்றைக்கு லீவு போடாத ஒருவருடைய பெயரும் செல் எண்ணும் வேண்டும். அவரிடம் வருகிறவர்களின் பட்டியல் இருக்க வேண்டும், கேட்டில் இருப்பவரிடமும் அதன் நகல் இருக்க வேண்டும். மேலாளர் பெயரைக் கௌரவத்துக்காகப் போடுகிறார்கள். அவர் பேனலில் உட்கார்ந்து போனை சைலன்ட்டில் வைத்திருப்பார்.

மேடம், எனக்கு இதே மாதிரி லெட்டர் வந்திருக்கு. 2,500 ரூபாய் கட்டினா சீட் உறுதி, திருப்பித் தருவோம்னு போட்டிருக்கு. கட்டட்டுமா? (விழுப்புரம்)

கட்டாதே தம்பி. அது கடிதமே இல்லை, வலை. அந்த நிறுவனத்தின் எண்ணை நீயாகத் தேடிக் கூப்பிட்டுக் கேள். கடிதத்தில் இருக்கும் எண்ணில் கேட்காதே. ஏற்கெனவே கட்டியிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே போன் செய்.

அனுபவம் உள்ளவங்களுக்கு என்ன சான்றிதழ் கேட்கலாம்? நாங்க ரிலீவிங் லெட்டர், மூணு மாச பே ஸ்லிப், எல்லா ஒரிஜினலும் கேட்கிறோம். (பின்னலாடை நிறுவன மேலாளர், திருப்பூர்)

இப்போது வேலையில் இருப்பவரிடம் ரிலீவிங் லெட்டர் எப்படி இருக்கும்? வேலையை விட்டால்தானே தருவார்கள்? இதைப் படிக்கிற நல்ல ஆள் இரண்டில் ஒன்று செய்வார்: வராமல் இருப்பார், அல்லது அவசரப்பட்டு ராஜினாமா செய்துவிட்டு வருவார். “முந்தைய நிறுவனங்களின் ரிலீவிங் லெட்டர்” என்று எழுதுங்கள். இப்போதைய இடத்துக்கு அடையாள அட்டையோ பி.எஃப். பாஸ்புக்கோ போதும், எந்த நிறுவனம் எந்த மாதம் பணம் கட்டியது என்பது அதில் தெரியும். பே ஸ்லிப்பை நான் முதல் நாளே கேட்டதில்லை. கேட்பவர்களும் உண்டு.

ஒரிஜினலைப் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள். வாங்கி வைக்காதீர்கள்.

வாங்கி வைக்காம எப்படிங்க? ட்ரெய்னிங் கொடுத்து மூணாம் மாசம் பக்கத்து கம்பெனிக்கு ஓடிடறாங்க. ஒரிஜினல் நம்ம பீரோல இருந்தா நிப்பாங்க. (அதே மேலாளர்)

இதற்குத்தான் வருவீர்கள் என்று தெரியும்.

நிற்பார், மனசில்லாமல். அவருக்கு அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு வந்தால் அசலைக் கேட்டு உங்கள் முன்னால் நிற்பார். நீங்கள் வெளியூரில் இருப்பீர்கள், சாவி உங்களிடம் இருக்கும். உங்கள் பீரோவில் தண்ணீர் புகுந்தால், கரையான் அரித்தால், நகல் வாங்க பல்கலைக்கழகத்துக்கு யார் அலைவது? கடிதத்தில் “அசல் சான்றிதழ்கள் ஒப்படைக்க வேண்டும்” என்று போட்டீர்களானால், விவரம் தெரிந்தவர்கள் யாரும் வரமாட்டார்கள். வேறு வழியில்லாதவர்கள்தான் வருவார்கள். அவர்கள் ஓடுகிறார்கள் என்று திரும்பவும் குறைப்படுவீர்கள்.

மேடம் சொல்றது சரிதான். ஆனா ஒரிஜினலைக் கையில வாங்கிப் பார்த்தாதான் போலி தெரியும். பேப்பர், சீல் பார்த்தாலே நான் சொல்லிடுவேன். (ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி)

பாதி ஒப்புக்கொள்கிறேன் ஐயா. ஜெராக்ஸில் திருத்தியதை அசல் காட்டிக்கொடுக்கும். அதற்காகத்தான் அசலைக் கொண்டுவரச் சொல்கிறேன். ஆனால் நன்றாக அச்சடித்த போலியை சீல் காட்டிக்கொடுக்காது. அதை வழங்கிய பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். அது தேர்ந்தெடுத்த பிறகு செய்யும் வேலை, வந்த இருபது பேருக்கும் செய்வதல்ல. டிஜிலாக்கரில் வாரியமே வழங்கிய மார்க் ஷீட் இருந்தால் சட்டப்படி அசலுக்குச் சமம். ஆனால் அதே டிஜிலாக்கரில் அவரவர் ஸ்கேன் செய்து ஏற்றியதும் இருக்கும், அது வெறும் நகல்தான். இந்த வித்தியாசத்தைப் பார்க்கத் தெரியாமல் பலர் தலையாட்டுகிறார்கள்.

எங்க ஆளுங்க ஏஜென்ட் மூலமா வர்றவங்க, கடிதமே படிக்கமாட்டாங்க. நீங்க ஆபீஸ் ஆளுங்களை வெச்சுப் பேசறீங்க. (திருப்பூர் மேலாளர்)

அது நியாயமான பேச்சு. தையல், பேக்கிங் ஆட்களுக்கு இவ்வளவு நீளக் கடிதம் வேண்டாம். தமிழில் ஐந்து வரி வாட்ஸ்அப், இடத்தின் லொக்கேஷன், ஒரு போன் எண். ஆனால் ஒரிஜினல் விஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன், நீங்களும் வரமாட்டீர்கள் போலிருக்கிறது.

ஆன்லைன் இன்டர்வியூன்னா கடிதத்துல என்ன மாறும்? ஆள் துபாய்ல இருக்கார். (சென்னை)

கேட்டும் வழியும் போய், லிங்க்கும் நேரமும் வரும். “இந்திய நேரம் காலை 11.30, துபாய் நேரம் காலை 10.00” என்று இரண்டையும் எழுதுங்கள், ஒன்றரை மணி நேரத்தை அவர் கணக்கில் விடாதீர்கள். இலவச கூகுள் மீட்டில் மூன்று பேர் சேர்ந்தால் ஒரு மணி நேரத்தில் துண்டித்துவிடும். ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது அறுந்தால் என்ன செய்வது என்பதையும் ஒரு வரி: “இணைப்பு போனால் அதே லிங்க்கில் திரும்ப வரவும், ஐந்து நிமிடத்தில் முடியாவிட்டால் நாங்கள் போன் செய்கிறோம்.” ஆதார் நகல் மெயிலில் கட்டாயம் வேண்டுமென்றால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கேளுங்கள்.

மாதிரிக் கடிதம் வேர்டு ஃபைலா கிடைக்குமா? (நாமக்கல்)

மேலே இருக்கிறது.

மாதிரி ப்ளீஸ். (மதுரை)

மேலே.

பயணப்படி தருவோம்னு எழுதணுமா? (கடலூர்)

தருவதாக இருந்தால் எவ்வளவு, எந்த டிக்கெட்டைக் காட்ட வேண்டும், அன்றைக்கே கையில் கொடுப்பீர்களா என்று எழுதுங்கள். தராவிட்டால் “பயணச் செலவு வழங்கப்படாது” என்று எழுதுங்கள். பேசாமல் விட்டால் மாலை நாலு மணிக்கு ரிசப்ஷனில் ஒருவர் டிக்கெட்டை நீட்டிக்கொண்டு நிற்பார்.

நேர்காணல்ல என்ன கேள்வி கேட்பாங்க மேடம்? (பெயர் இல்லை)

அது வேறு ஆளிடம்.

அக்கா, அந்தக் கரூர் பையனுக்கு அப்புறம் வேலை கிடைச்சதா? (ஓசூர்)

மறுபடி கூப்பிடச் சொல்லி மேலாளரிடம் சண்டை போட்டேன். கூப்பிட்டோம். இன்னொரு பக்கம் சேர்ந்துவிட்டேன் என்றான்.