வெந்நீர் லைனுக்கு எந்த வால்வு?

கேள்வி: புதுவயல் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கிறோம். நெல் ஊறவைக்கும் தொட்டிக்கு 85 டிகிரி வெந்நீர் மணிக்கு 20 கன மீட்டர் வரை போகணும். வால்வுக்கு முன்னால் கேஜில் 3 பார். அதுக்கப்புறம் குழாய் 5 மீட்டர் மேலே ஏறித் தொட்டியில் விழுது. லைன் 2 அங்குலம், அதனால் 2 அங்குல பால் வால்வே போதும்ங்கிறாங்க. சரியா ஐயா?

பதில்: வேண்டாம். குழாய் அளவை வைத்து கன்ட்ரோல் வால்வை முடிவு செய்யக் கூடாது. உங்கள் விஷயத்தில் வால்வின் வகையும் இடிக்கிறது.

வால்வு அடியில் இருந்தால், ஏறும் குழாயின் நீரே பின்னாலிருந்து 0.5 பார் கொடுக்கும். உராய்வு சொற்பம், விட்டுவிடலாம். ஆக வால்வில் இறங்கும் அழுத்தம் 2.5 பார். ஆனால் அந்த 2.5-ஐயும் கணக்கில் போடலாமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

வால்வின் குறுகலான இடத்தில் அழுத்தம் வெகுவாகத் தாழ்ந்து, தாண்டியதும் ஓரளவு மீளும். 85 டிகிரி தண்ணீர் 0.58 பாருக்கு (வளிமண்டலத்தையும் சேர்த்து எண்ணும் அளவில்) இறங்கினாலே கொதிக்கும். அங்கே நீராவிக் குமிழ் கிளம்பி, ஒரு கட்டத்துக்கு மேல் பின்னால் அழுத்தத்தை எவ்வளவு குறைத்தாலும் ஓட்டம் கூடாது. அந்த எல்லை இது:

```
ΔPmax = FL² × (P1 − FF × Pv)
```

வால்வுக்கு முன்னால் உள்ள அழுத்தம் P1 = 4 பார் (கேஜின் 3 + வளிமண்டலம் 1), தண்ணீர் கொதிக்கும் அழுத்தம் Pv = 0.58. FF என்பது Pv-க்கான திருத்த எண், இங்கே சுமார் 0.95. குறுகலைத் தாண்டி அழுத்தம் எவ்வளவு மீளும் என்பதைப் பொறுத்த எண் FL, அது வால்வு கேட்லாகில் இருக்கும்: குளோப் வால்வுக்கு 0.9 அளவில், பால் வால்வுக்கு 0.6 அளவில். குளோப்புக்கு எல்லை 2.8 பார், உங்கள் 2.5 அதற்குள் அடங்குகிறது. பால் வால்வுக்கு வெறும் 1.24. அதைத் தாண்டிய மிச்ச அழுத்தமெல்லாம் குமிழாகி உடைந்து உலோகத்தைத் தின்னும். குழாய்க்குள் சரளைக்கல் உருள்வதுபோல் சத்தம் கேட்டால் காரணம் இதுதான்.

இனி அளவு. வால்வு எவ்வளவு நீரை விடும் என்பதை Kv அல்லது Cv என்ற எண்ணால் சொல்வார்கள். ஓட்டம் Q மணிக்குக் கன மீட்டரிலும், இறங்கும் அழுத்தம் ΔP பாரிலும் இருந்தால், SG என்பது நீரின் ஒப்படர்த்தி:

```
Kv = Q × √(SG / ΔP) = 20 × √(0.97 / 2.5) = 12.5
Cv = 1.156 × Kv = 14.4
```

முழுத் திறப்பில் Cv 28 அளவுள்ள ஒன்றரை அங்குல குளோப் வால்வு, ஈக்வல் பர்சன்டேஜ் டிரிம்மோடு வாங்குங்கள். டிரிம் என்பது உள்ளே ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் பாகம். 20 கன மீட்டருக்கு அது ஏறக்குறைய 83 சதவீதம் திறந்து நிற்கும். கட்டுப்படுத்த இன்னும் இடம் இருக்கும். 2 அங்குலக் குழாய்க்கு ரெட்யூசர் போட்டால் போதும். அது கொஞ்சம் Cv-ஐ விழுங்கும், அதற்கும் இதில் இடமுண்டு.

வால்வைத் தொட்டி வாயில் மேலே மாட்டிவிடாதீர்கள். எட்டுவதற்கு வசதி என்று பலர் அப்படித்தான் செய்கிறார்கள். மேலே போனால் P1 3.5 ஆகும், பின்னால் வளிமண்டலம் மட்டும். இறங்கும் அழுத்தம் அதே 2.5 தான், ஆனால் எல்லை 2.4-க்கு வந்துவிடும், நல்ல குளோப் வால்வும் அடிவாங்கும். அடியில் வைத்தாலும் 2.5 எல்லைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, குமிழ் எல்லைக்கு முன்பே தொடங்கும். ஆகவே டிரிம்மைக் கடினப்படுத்திய எஃகில் கேளுங்கள். பம்ப்பின் தன்மையால் ஓட்டம் குறையும்போது P1 ஏறும், எனவே குறைந்த ஓட்டத்துக்கும் ஒருமுறை இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். முடிந்தால் வால்வை ஹீட்டருக்கு முன்னால், பச்சைத் தண்ணீர் பக்கம் மாற்றுங்கள். 30 டிகிரியில் Pv வெறும் 0.04 பார்.