இப்போதைய மேனேஜரின் நம்பரைக் கேட்டால்

"வேலை தேடுவது ஆபீசில் யாருக்கும் தெரியாது. ரெக்ரூட்டர் என்னிடம் இப்போதைய மேனேஜரின் ரெஃபரன்ஸைக் கேட்கிறார். என்ன பதில் எழுதுவது?"

மறுக்க வேண்டாம், எப்போது தருவீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். இப்படி எழுதலாம்:

"என் தேடல் இங்கே யாருக்கும் தெரியாது. எழுத்துப்பூர்வமான ஆஃபரை நான் ஏற்றபின் மேனேஜரிடம் பேசலாம். அதுவரை, இங்கே என் டீம் லீடாக இருந்து போன வருடம் விலகியவர் பேசத் தயார்."

அப்படி விலகியவர்தான் சரியான ஆள். உங்கள் இப்போதைய வேலையை நேரில் பார்த்தவர், ஆனால் விஷயம் ஆபீசுக்குப் போகாது. அவரிடம் முதலில் சம்மதம் கேட்டுவிடுங்கள். "சும்மா ஃபைலுக்கு" என்றாலும் மேனேஜர் நம்பரைத் தராதீர்கள். விவரம் தெரியாத வேறொருவர் அழைத்துவிடக்கூடும்.

அப்புறம், ஆஃபரில் 'ரெஃபரன்ஸ் சரிபார்ப்புக்கு உட்பட்டது' என்று இருந்தால், அது முடிந்ததாக மெயில் வரும்வரை ராஜினாமா கொடுக்காதீர்கள்.