உங்கள் அப்பாவுக்கு என்ன வயது?

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் வியட்நாமில் கன் தோ நகரத்தில், உடன் வேலை பார்க்கும் நண்பனின் வீட்டில் ஐந்து நாள் தங்கியிருந்தேன். பாட்டி, அப்பா, அம்மா, ஒரு தங்கை. அப்படி ஒரு உபசாரத்தை நான் பார்த்ததில்லை. ஊர் திரும்பி எட்டு நாளாகிறது. அவர்கள் மொழியிலேயே நன்றி எழுத ஆசை. பயணக் கையேடு ஒன்றைப் பார்த்து ‘தோய் காம் அன் காக் பான்’ (நான் உங்களுக்கு நன்றி கூறுகிறேன்) என்று ஆரம்பித்திருக்கிறேன். இதை இன்னும் இலக்கிய நயத்தோடு எழுத வழி உண்டா? பரிசு ஏதும் அனுப்ப வேண்டுமா? ஒரே ஒரு சங்கடம்: போன அன்றே என் வயதையும் என் அப்பாவின் வயதையும் கேட்டார்கள். அந்த அம்மா பேச்சுக்குப் பேச்சு தன்னை ‘கோ’ என்றே சொல்லிக்கொண்டார், பெயர் போலிருக்கிறது. நீங்கள் அந்தப் பக்கம் போய் வந்தவர் என்பதால் கேட்கிறேன்.

கே., ஓசூர்

அன்புள்ள கே.,

எட்டு நாள்! நம் வீட்டுக்கு வந்த பிள்ளை ஊர் போய்ச் சேர்ந்தானா இல்லையா என்று எட்டு நாள் தெரியாமல் இருந்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன பாடுபடுவார்கள்? உங்கள் நண்பன் சொல்லியிருப்பான்தான். இருந்தாலும் நீங்கள் சொல்ல வேண்டாமா? இலக்கிய நயம் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

பரிசு இப்போது வேண்டாம். அடுத்த முறை போகும்போது கையில் கொண்டுபோங்கள்.

அந்தச் சங்கடத்துக்கு வருகிறேன். உங்கள் வயதையும் உங்கள் அப்பாவின் வயதையும் அவர்கள் வம்புக்குக் கேட்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் அவர்களால் உங்களோடு ஒரு வாக்கியம்கூட ஒழுங்காகப் பேச முடியாது. வியட்நாமிய மொழியின் அன்றாடப் பேச்சில் பொதுவான ‘நான்’ ‘நீ’ புழங்குவது குறைவு. அந்த இடத்தில் உறவுச்சொற்கள்தான் நிற்கும். எதிரில் இருப்பவர் உங்கள் அப்பாவைவிட மூத்தவர் என்றால் அவர் ‘பாக்’, பெரியப்பா மாதிரி. இளையவர் என்றால் ‘சூ’, சித்தப்பா. பெண் என்றால் ‘கோ’, அத்தை. நீங்கள் ‘கான்’, பிள்ளை. உங்கள் அப்பாவின் வயது அங்கே ஒரு அளவுகோல். அதை வைத்துத்தான் உங்களுக்கு அந்த வீட்டில் என்ன இடம் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

ஆகவே ‘கோ’ அந்த அம்மாவின் பெயர் இல்லை. அவர் தன்னை அத்தை என்று சொல்லியிருக்கிறார். நம் வீட்டிலும் சின்னப் பிள்ளையிடம் “வா, அத்தை சோறு போடுறேன்” என்று சொல்வார்கள் இல்லையா, அதேதான். நாம் பிள்ளை வளர்ந்ததும் நிறுத்திவிடுகிறோம், அவர்கள் நிறுத்துவதில்லை. ஐந்து நாளும் அந்த அம்மா “அத்தை சமைக்கிறேன், அத்தை துவைத்துத் தருகிறேன்” என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார். நீங்கள் இப்போது அவருக்கு ‘தோய்’ என்று எழுதப் போகிறீர்கள்.

இந்தத் ‘தோய்’ பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கையேடுகள் ‘நான்’ என்பதற்கு முதலில் கற்றுத்தருவது இதைத்தான். பழைய பொருளில் அது வேலையாள், அரசனின் குடி. நம்முடைய ‘அடியேன்’ போலப் பணிவிலிருந்து வந்த சொல். ஆனால் பணிவெல்லாம் எப்போதோ தேய்ந்துபோய், இப்போது மேடைக்கும் அலுவலகத்துக்கும் அறிமுகமில்லாதவரிடம் எட்ட நின்று பேசுவதற்கும் உரிய சொல்லாக இருக்கிறது. வீட்டுக்குள் இளையவர் ஒருவர் பெரியவரிடம் திடீரென்று தன்னைத் ‘தோய்’ என்று சொன்னால், கோபித்துக்கொண்டு உறவை முறிக்கிறார் என்று அர்த்தம். ‘பான்’ என்றால் நண்பன். ‘காக் பான்’ நண்பர்களே. கூட்டத்தைப் பார்த்துச் சொல்வது. உங்கள் வாக்கியம் இலக்கணப்படி சரி. ஆனால் ஐந்து நாள் சோறு போட்ட பாட்டியிடம் “நண்பர்களே, நான் உங்களுக்கு நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்” என்று வாசலில் நின்று ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரி இருக்கும். கோபப்பட மாட்டார்கள், அயல்நாட்டுப் பையன் என்று சிரித்துவிடுவார்கள். அந்தச் சிரிப்போடு நீங்கள் மறுபடி விருந்தாளி ஆகிவிடுவீர்கள்.

நமக்கு இது சுலபமாக வர வேண்டும். அங்கேயும் அம்மாவின் தம்பிக்கு ஒரு சொல், அப்பாவின் தம்பிக்கு வேறு சொல். ஆங்கிலம் படித்ததால்தான் எல்லாரும் நமக்கு ‘அங்கிள்’ ஆகிப் போனார்கள். ஹோ சி மின்னை வியட்நாமியர் ‘பாக் ஹோ’ என்பார்கள். ஆங்கிலத்தில் அது ‘அங்கிள் ஹோ’ ஆனது, அங்கிருந்து தமிழுக்கு வரும்போது ‘ஹோ மாமா’. முறையே மாறிப்போயிற்று! அவர் பெரியப்பா. அப்பாவைவிட மூத்த இடம். அந்த ஒரு சொல்லில் இருக்கிற அரசியலை மாமா என்று சொன்னால் பிடிக்க முடியாது.

ஒரு இடத்தில் மட்டும் தமிழ் மூளை இடறும். நண்பனின் அப்பா அம்மாவைச் சேர்த்து ‘கோ சூ’ என்பார்கள். முறைப்படி பெயர்த்தால் அத்தையும் சித்தப்பாவும், அதாவது அக்காள் தம்பியோ அண்ணன் தங்கையோ! முதலில் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொந்தத்துக்கு வெளியே புழங்கும்போது அந்த முறை உதிர்ந்துவிடுகிறது, வயதும் மரியாதையும் மட்டும் மிச்சம். அந்த அம்மா தன்னைக் ‘கோ’ என்றிருப்பதால், அவர் கணவர் உங்கள் அப்பாவுக்கு இளையவர் என்று வைத்துக்கொண்டு ‘கோ சூ’ என்றே எழுதுகிறேன். மூத்தவர் என்றால் நண்பனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, வடக்கே ஹனோய்ப் பக்கம் என்றால் உங்களை நீங்கள் ‘சாவ்’ என்பீர்கள். பேரன், உடன்பிறந்தாரின் பிள்ளை என்ற பொருள். தெற்கே, கன் தோவில், ‘கான்’. சொந்தப் பிள்ளைக்கும் அதே சொல்தான். மேகாங் ஆற்றுக் கழிமுகத்து மக்கள் இதில் தாராளம். தெற்கே வீட்டின் மூத்த பிள்ளையை ‘ஹாய்’ என்பார்கள், இரண்டு என்று பொருள். மூத்தவன் எப்படி இரண்டு என்பதற்கு ஆளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். உங்கள் நண்பனை அவன் தங்கை ‘ஆன் ஹாய்’ என்று கூப்பிட்டதை ஆங்கில ‘ஹாய்’ என்று நினைத்து நீங்களும் கையசைத்திருந்தால் எனக்கு எழுதுங்கள்.

சரி, யாருக்கு எழுதுவது? பாட்டிக்கும் அத்தைக்கும் நீங்கள் ‘கான்’, ஆனால் தங்கைக்கு ‘ஆன்’, அண்ணன். ஒரே கடிதத்தில் இரண்டு ‘நான்’ வந்தால் குழப்பம். வீட்டில் மூத்தவரைப் பார்த்து எழுதுங்கள், கடைசி வரை ‘கான்’ மாறக் கூடாது. தங்கை ‘வீட்டில் எல்லோரும்’ என்பதற்குள் வந்துவிடுவாள். எழுத வேண்டியது இவ்வளவுதான்:

```
Dạ con chào bà, con chào cô chú.
Con về tới nhà rồi, con xin lỗi vì nhắn trễ ạ.
Con cảm ơn bà, cô chú và cả nhà
đã lo cho con mấy ngày qua.
Con nhớ nồi canh chua của cô lắm.
Hôm nào con lại về thăm bà và cô chú.
```

பாட்டிக்கு வணக்கம், அத்தை சித்தப்பாவுக்கு வணக்கம். வீடு வந்து சேர்ந்துவிட்டேன், தாமதமாக எழுதுவதற்கு மன்னியுங்கள். இத்தனை நாளும் என்னைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி. ‘லோ’ என்ற சொல்லுக்குக் கவலைப்படுவது, பார்த்துக்கொள்வது இரண்டும் பொருள். உபசாரம் என்று தனியாக வேறு சொல் தேட வேண்டாம். அப்புறம் அத்தையின் கான் சுவா. விரால் மீனும் புளியும் அன்னாசியும் வெண்டைக்காயும் போட்ட அந்தப் புளிப்புக் குழம்பு கழிமுகத்து வீட்டில் ஐந்து நாளில் ஒரு தரமாவது வந்திருக்கும். வராவிட்டால் எது வந்ததோ அதைப் போடுங்கள், ‘உணவு அற்புதம்’ என்று மட்டும் எழுதாதீர்கள், அது ஓட்டலுக்கு எழுதுவது. கடைசி வரியில் ‘வே’ என்று ஒரு சொல் இருக்கிறது. வெறுமனே வருவது இல்லை, வீடு திரும்புவது. நாம் கிளம்பும்போது “போறேன்” என்று சொல்லாமல் “வர்றேன்” என்று சொல்கிறோமே, அதன் பக்கத்து வீட்டுச் சொல்.

நன்றி என்ற சொல் ஒரே ஒரு முறைதான் வந்திருக்கிறது, கவனித்தீர்களா? அதற்கு மேல் போட்டால் எதற்கு இந்த ஊர் உபசாரம் என்று கேட்பார்கள்.

குறிகளை விடாமல் தட்டுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வின் லாங்கில் ஒரு வீட்டில் நான்கு நாள் தங்கிவிட்டு வந்தேன். அந்த வீட்டுப் பாட்டிக்குப் பல் கிடையாது. எனக்காக இளநீரை அவரே வெட்டித் தருவார், கத்தியைப் பிறர் தொட விடமாட்டார். திரும்பி வந்ததும் பழைய கைபேசியில் குறியே இல்லாமல் `con cam on ba` என்று அனுப்பினேன். பாட்டி என்பது `bà`. குறி போனால் `ba`. தெற்கே அதற்கு அப்பா என்று பொருள். யாருக்கு நன்றி சொல்கிறான் என்று அந்த வீட்டில் பெரிய விவாதம். பாட்டிக்குத்தான் என்று பேத்தி, இல்லை எனக்குத்தான் என்று அவள் அப்பா. எனக்கு அது தெரியவந்தது இரண்டு மாதம் கழித்து. பாட்டி அதற்குள் தனக்கு ஒன்றும் எழுதவில்லை என்று முடிவு கட்டியிருந்தாராம்.

கைபேசியில் வியட்நாமிய விசைப்பலகையைச் சேர்த்து டெலெக்ஸ் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லின் கடைசியில் `f` தட்டினால் இறங்கு குறி விழும், `baf` பாட்டி ஆகும். `s` ஏறு குறி, `chus` சித்தப்பா. `coo` அத்தை. நன்றிக்கு `camr own`. பத்து நிமிடத்தில் விரல் பழகிவிடும். நண்பர்களுக்குள் குறியில்லாமல் எழுதுகிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பாட்டி கண்ணாடியைத் தேடி எடுத்து எழுத்துக் கூட்டிப் படிப்பார், அல்லது தங்கை சத்தம் போட்டுப் படிப்பாள்.

இன்றைக்கே அனுப்புங்கள். பதில் வந்தால், அதில் உங்களை என்ன முறை சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.