வரிசையில் முதலில் நிற்கும் மகள்

அன்புள்ள டாக்டருக்கு,

என் மகளுக்குச் சென்ற மாதம் 11 வயது நிறைந்தது. உயரம் 128 செ.மீ. வகுப்பிலேயே அவள்தான் குள்ளம். பிரார்த்தனை வரிசையில் எப்போதும் முதலில் நிற்கிறாள். பள்ளி அட்டையில் 9 வயதில் 117, 10 வயதில் 122.5 என்று குறித்திருக்கிறார்கள். பருவ மாற்றம் எதுவும் இன்னும் தொடங்கவில்லை. என் உயரம் 150, கணவர் 165. ஹார்மோன் ஊசி போட வேண்டுமா?

ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

பள்ளி அட்டையின் பழைய அளவுகளையும் சேர்த்து எழுதியதற்கு நன்றி. பலர் இன்றைய உயரத்தை மட்டுமே சொல்வார்கள், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உங்கள் மகள் இரண்டு ஆண்டுகளாக ஆண்டுக்கு 5.5 செ.மீ. வளர்ந்திருக்கிறாள். பருவ மாற்றம் தொடங்காத குழந்தைக்கு இது சரியான வேகம். தைராய்டு குறைவோ வளர்ச்சி ஹார்மோன் குறைவோ இருந்தால் பெரும்பாலும் இந்த வேகம்தான் தளரும்.

அடுத்து, பெற்றோரின் உயரம். தந்தையின் 165-இல், ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள சராசரி உயர வேறுபாடான 13-ஐக் கழித்து, வரும் 152-ஐத் தாயின் 150-உடன் கூட்டிப் பாதியாக்கினால் 151 செ.மீ. இதற்கு மேலும் கீழும் சுமார் 8 செ.மீ. வரை அவளுடைய இறுதி உயரம் அமையலாம். ஆகவே அவள் சிறிய உருவினளாக இருப்பதில் வியப்பில்லை.

வகுப்புத் தோழிகளோடு ஒப்பிடுவதற்கு 11 வயதைப் போல் பொருந்தாத வயது வேறில்லை. 9, 10 வயதிலேயே மார்பு அரும்பிய சிறுமிகள் இப்போது ஆண்டுக்கு 8 செ.மீ. வரை வளர்ந்துகொண்டிருப்பார்கள், அவர்களின் வளர்ச்சி முன்னதாகவே நின்றும் விடும். உங்கள் மகளுக்கு அந்த வேகம் இனிமேல்தான் வரவேண்டும்.

இருந்தாலும் பெண் குழந்தை என்பதால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. பெண்களுக்கு இருக்கவேண்டிய இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று முழுதாகவோ பகுதியாகவோ இல்லாத டர்னர் சிண்ட்ரோம், ஏறத்தாழ 2000 முதல் 2500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கிறது; சிலரிடம் குள்ளமாக இருப்பதைத் தவிர வெளியே வேறு எதுவும் தெரியாது. வளர்ச்சி வேகம் குறைந்தாலோ 13 வயதிலும் மார்பு அரும்பாவிட்டாலோ இரத்தத்தில் குரோமோசோம் பரிசோதனை செய்யச் சொல்லி நீங்களே கேளுங்கள்.

நீங்கள் தந்த அளவுகளின்படி இப்போது ஊசி தேவையில்லை. அது ஆண்டுக்கணக்கில், பெரும்பாலும் நாள்தோறும், போடவேண்டிய மருந்து. ஹார்மோன் குறைவு, டர்னர் போன்ற காரணம் உறுதியான பிறகே அதைப் பற்றிப் பேச வேண்டும். உயரத்தைக் கூட்டுவதாக விளம்பரம் செய்யப்படும் பானங்களுக்குச் செலவிடும் பணத்தில் முட்டையும் பருப்பும் வாங்கலாம்.

எனக்கு உள்ள ஒரே ஐயம் பள்ளியில் அளந்த விதம் பற்றியது. ஒருமுறை காலணியோடும் மறுமுறை வெறுங்காலோடும் அளந்திருந்தால் 2 செ.மீ. பிழை வரும், நான் மேலே சொன்ன கணக்கெல்லாம் பொய்யாகிவிடும். ஆகவே ஒரு குழந்தை மருத்துவரிடம், சுவரில் பொருத்திய அளவுகோலில், பின்னலை அவிழ்த்து, குதிகாலும் பின்தலையும் ஒட்டி நிற்க, காலை நேரத்தில் அளந்து வாருங்கள். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் மீண்டும் அளக்கும்போது 2 செ.மீ.க்கும் குறைவாக வளர்ந்திருந்தால் தைராய்டு பரிசோதனையும், எலும்பு வயதை, அதாவது எலும்புகள் எந்த வயதுக்குரிய அளவு முதிர்ந்திருக்கின்றன என்பதை, அறிய இடது மணிக்கட்டு எக்ஸ்ரேயும் எடுக்கவேண்டிவரும்.